பத்திரிகையில் ஸ்கோர் தப்பாக வந்தால் திருத்தம் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: மாவட்ட 20 ஓவர் லீக் போட்டியில் எங்கள் அணி 178 ரன் எடுத்தது. நாளிதழில் 187 என்று வந்துவிட்டது. நான்கு விக்கெட் எடுத்த எங்கள் பந்துவீச்சாளர் பெயரையும் சிதைத்துவிட்டார்கள். முறையிட்ட பிறகு, "நேற்று முன்தினம் வெளியான விளையாட்டுச் செய்தியில் சில தகவல்கள் தவறாக இடம்பெற்றுவிட்டன, வருந்துகிறோம்" என்று ஒரு மூலையில் போட்டார்கள். இதற்குப் பெயர் திருத்தமா? இப்படித்தான் போட வேண்டும் என்று விதி ஏதாவது இருக்கிறதா?

பதில்:

அது வருத்தக் குறிப்பு மட்டுமே. திருத்தம் என்றால் எந்த நாள், எந்தச் செய்தி, எது தவறு, எது சரி என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பை மட்டும் படிக்கிற ஒருவருக்கு உங்கள் அணி எத்தனை ரன் எடுத்தது என்று தெரியாவிட்டால், அந்த இடத்தில் ஒரு வரி விளம்பரம் போட்டிருந்தாலாவது பத்திரிகைக்குக் காசு வந்திருக்கும்.

விதியைப் பொறுத்தவரை, இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளில் இதைப் பற்றிய பகுதி உண்டு. தகவல் பிழை தெரியவந்தால் பத்திரிகை தானாகவே முன்வந்து, தாமதமின்றி, உரிய முக்கியத்துவத்துடன் திருத்தத்தை வெளியிட வேண்டும். பெரிய தவறாக இருந்தால் மன்னிப்போ வருத்தமோ சேர்த்துத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. வாசகம் எப்படி அமைய வேண்டும், எத்தனை வரி, எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்தந்தப் பத்திரிகையின் பழக்கத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆகவே மீதியை, நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் துணை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் தொலைபேசியில் சொன்னவுடன் அப்படியே அச்சிடுவது நல்ல பத்திரிகையின் வேலை அல்ல. இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். வென்ற அணியின் செயலாளர் ஒரு கணக்கைச் சொல்வார், தோற்ற அணியின் செயலாளர் இன்னொன்றைச் சொல்வார். சரிபார்க்காமல் போட்ட திருத்தத்துக்கு மறுநாள் இன்னொரு திருத்தம் போடுவதைவிட அவமானம் இந்தத் தொழிலில் குறைவு. ஆகவே புகார் வந்ததும் டெஸ்க்கில் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஸ்கோர் அட்டையைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் கூட்டிப் பார்ப்பது.

உங்கள் ஆட்டத்தின் முழு அட்டை என்னிடம் இல்லாததால், மற்ற எண்களை எடுத்துக்காட்டுக்காக நானே வைத்துக்கொள்கிறேன். முதலில் மட்டை பிடித்த உங்கள் அணியில் பத்துப் பேர் களமிறங்கி, அவர்கள் எடுத்த ரன்களைக் கூட்டினால் 168 வருகிறது. உதிரிகள் 10: பை 1, லெக் பை 3, வைடு 5, நோ பால் 1. ஆக மொத்தம் 178. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் எதிரணியின் பந்துவீச்சுப் பட்டியல். ஆறு பேர் வீசினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் நான்கு ஓவர் வீசி 31, 28, 45 ரன் கொடுத்தார்கள். இரண்டு பேர் மூன்று ஓவர் வீசி 30, 22. கடைசி ஆள் இரண்டு ஓவரில் 18. ஓவர்களைக் கூட்டினால் 20, சரி. கொடுத்த ரன்களைக் கூட்டினால் 174. வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறும், பையும் லெக் பையும் ஏறாது. அதனால் 174-உடன் பை 1, லெக் பை 3 சேர்த்தால் 178 வர வேண்டும், வருகிறது. தண்டனை ரன் ஏதாவது கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் தனியே சேர்க்க வேண்டும். விக்கெட்டுகளையும் இதே போல் பார்க்கலாம்: பந்துவீச்சாளர்களின் பெயரில் 7, ரன் அவுட் 1, விழுந்தது 8. இரண்டு பக்கமும் 178-இல் வந்து முடிகிறபோது, அச்சான 187 எங்கிருந்தோ வந்த எண் என்பது தெளிவாகிவிடும்.

எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், தட்டச்சில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். 187-இல் 178 போனால் 9. கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் உத்தி இது. விளையாட்டுப் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் பிழை பத்திரிகை அலுவலகத்தில் தட்டச்சு செய்யும்போது நேர்ந்ததா, மைதானத்திலிருந்து வந்த தாளிலேயே இருந்ததா என்று தேடத் தொடங்க நல்ல இடம் இது.

கூட்டல்கள் ஒத்துவராவிட்டால்? பை ஒன்று குறைந்திருக்கும், இல்லையென்றால் யாருடைய கணக்கிலோ ஒரு பவுண்டரி விட்டுப்போயிருக்கும். அப்போது ஸ்கோரரின் மூலத்தாளைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாளே தவறாக இருந்தால் பத்திரிகையால் ஒன்றும் செய்ய முடியாது. கிரிக்கெட் விதிகளின்படி ஸ்கோர் சரிதான் என்பதற்குப் பொறுப்பு நடுவர்களுடையது. ஆட்டம் முடிந்து, நடுவர்களும் ஸ்கோரர்களும் ஒத்துக்கொண்ட பிறகு முடிவை மாற்ற முடியாது. மைதானத்தில் அறிவிக்கப்பட்ட முடிவைச் சரியாக அச்சிடுவதுதான் பத்திரிகையின் கடமை, ஆட்டத்தை மறுபடி நடத்திப் பார்ப்பது அல்ல.

இப்போது பெரும்பாலான திருத்தங்கள் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். ஸ்கோர் பிழை ஒரே இடத்தில் நிற்பதில்லை. எதிரணி 20 ஓவரில் 171 எடுத்தது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் வென்றது 7 ரன்னில். 187 என்று அச்சானதால், துணை ஆசிரியர் கழித்துப் பார்த்து 16 ரன் வித்தியாசம் என்று முதல் பத்தியில் எழுதியிருப்பார். தலைப்பில் "அபார வெற்றி" என்று ஒரு அடைமொழியும் ஏறியிருக்கும். 7 ரன் வித்தியாசம் என்றால் கடைசி ஓவர் வரை இழுத்த ஆட்டம். 16 ரன் என்றால் ஓரளவு சுலபமானது. செய்தியின் தொனியே மாறிப்போயிருக்கும்.

புள்ளிப் பட்டியலும் அதே பக்கத்தில் இருந்தால் சேதம் அங்கேயும் போகும். நிகர ரன் விகிதம் என்பது உங்கள் அணி ஓவருக்கு எடுத்த சராசரியிலிருந்து எதிரணி ஓவருக்கு எடுத்த சராசரியைக் கழிப்பது. 178-ஐ 20-ஆல் வகுத்தால் 8.90, 171-ஐ வகுத்தால் 8.55. வித்தியாசம் 0.35. தவறான 187-ஐ வைத்தால் 9.35-இலிருந்து 8.55 போக 0.80. ஒரே ஆட்டத்தில் இத்தனை வித்தியாசம் இருந்தால், புள்ளிகள் சமமாக இருக்கும் இரண்டு அணிகள் பட்டியலில் இடம் மாறி நிற்கக்கூடும். உங்களுக்குச் சாதகமான பிழை என்று நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம், இருக்கவில்லை, சரி. ஆனால் பட்டியலில் உங்களுக்குக் கீழே தள்ளப்பட்ட அணிக்காரர் ஒருவர் அன்று காலை அதைப் பார்த்துவிட்டு லீக் செயலாளரிடம் சண்டைக்குப் போயிருப்பார். திருத்தம் அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே எழுதியவர் உட்கார்ந்து, இந்த எண்ணை நம்பி வேறு எந்த எண்கள் நின்றன என்று ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். இலக்கு, வித்தியாசம், தலைப்பு, புகைப்படக் குறிப்பு, பட்டியல். ஆட்டநாயகன் விருது வேறு ஒருவருக்குப் போனதாக எழுதியிருந்தால் அதுவும். இதைச் செய்தால் திருத்தம் ஏறக்குறைய இப்படி வரும்:

"திருத்தம்: மாவட்ட 20 ஓவர் லீக் பற்றி மார்ச் 4 அன்று 11-ஆம் பக்கத்தில் வெளியான செய்தியில், கிழக்கு மண்டல அணி 187 ரன் எடுத்து 16 ரன் வித்தியாசத்தில் வென்றதாக அச்சாகியிருந்தது. அந்த அணி எடுத்தது 178 ரன். வெற்றி வித்தியாசம் 7 ரன். இதனால் மாறும் புள்ளிப் பட்டியல் இதே பக்கத்தில் தரப்பட்டுள்ளது. 4 விக்கெட் வீழ்த்திய பந்துவீச்சாளரின் பெயர் மு. இளமாறன், மு. எலமாரன் என்று அச்சானது தவறு. பிழைகளுக்கு வருந்துகிறோம்."

தேதியும் அணியும் பெயரும் நான் இட்டுக்கட்டியவை. அமைப்பை மட்டும் பாருங்கள். "தவறுதலாக", "தவிர்க்க இயலாத காரணங்களால்", "அச்சுப்பிழை காரணமாக" போன்ற சொற்கள் எதுவும் இல்லை. தவறு தவறுதலாகத்தான் நடக்கும், அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. "அச்சுப்பிழை" என்பதோ பழியை அச்சகத்தின் மேல் போடும் பழைய தந்திரம். இன்றைக்குப் பக்கம் முழுக்க டெஸ்க்கிலேயே கணினியில் முடிந்து போகிறது. அச்சகத்தில் இருப்பவர் ஒரு எழுத்தைக்கூடத் தொடுவதில்லை.

தவறான எண்ணை மறுபடியும் அச்சிடலாமா என்று டெஸ்க்குகளில் அடிக்கடி வாதம் நடக்கும். மறுபடி அச்சிட்டால் தவறு இரண்டாம் முறை பரவும் என்பார்கள் சிலர். ஸ்கோர் விஷயத்தில் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. செய்தியைக் கத்தரித்து வைத்திருப்பவர், தான் வைத்திருப்பதில் எந்த எண்ணை அடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. சரியான எண் மட்டும் இருந்தால், "178 தானே? எனக்கு 187 என்று ஞாபகம், இது வேறு ஆட்டம் போல" என்று விட்டுவிடுவார். பெயர் விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு வைத்துக்கொள்ளலாம். பிழையான வடிவம் கேலிக்குரியதாகவோ கொச்சையான பொருள் தருவதாகவோ ஆகிவிட்டால், அதைத் திரும்ப அச்சிட்டு அந்தப் பையனை இரண்டாம் முறை நோகடிக்க வேண்டாம். "பெயர் தவறாக அச்சாகியிருந்தது, சரியான பெயர் இது" என்று முடித்துக்கொள்ளலாம்.

பெயர்ப் பிழை ஸ்கோர் பிழையைவிடச் சிக்கலானது. எண்ணைக் கூட்டிப் பார்க்கலாம். பெயருக்குக் கூட்டல் கிடையாது. தமிழ் நாளிதழ்களில் பெயர்ப் பிழைகள் பெரும்பாலும் ஒரே வழியில் வருகின்றன. ஆட்டக்காரர் தமிழர், ஊர் தமிழ்நாடு, பத்திரிகை தமிழ். ஆனால் தகவல் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலப் பிரதியாகவோ லீக் செயலாளர் ஆங்கிலத்தில் தட்டிய குறுஞ்செய்தியாகவோ வந்து சேர்கிறது. ல, ள இரண்டும் அங்கே ஒரே எழுத்தாகிவிடும், சில நேரம் ழ-வும் அதோடு சேர்ந்துகொள்ளும். ர, ற அப்படியே. குறில், நெடில் அடையாளம் போய்விடும். இரவு பத்தரை மணிக்குப் பக்கம் முடிக்கிற அவசரத்தில் அதைத் திரும்பத் தமிழாக்குகிறவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

துப்பாக்கி சுடுதலில் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் ஆடிய இளவேனில் வாலறிவனை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். ஆங்கிலப் பிரதியில் அவர் பெயரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றினால் "எலவேனில் வலரிவன்" என்று வந்து நிற்கும். தமிழ் படித்த யாருக்கும் அது பெயராகவே தோன்றாது என்பதால் மனம் நெருடி நிறுத்திவிடுவார்கள். ஆபத்து எங்கே என்றால், பிழையான வடிவமும் நல்ல பெயராக இருக்கிறபோதுதான். வேலன் என்று ஒருவர் இருக்கிறார், வேலான் என்று எழுதினால் கண்ணில் படும். ஆனால் கதிர் என்பவரைக் கதிரவன் என்றோ, மணிமாறனை மணிமாரன் என்றோ போட்டால் பிழை திருத்துபவரின் கண் அப்படியே தாண்டிப் போகும்.

இதைவிடப் பெரிய குழப்பம் தகப்பனார் பெயரில். ஆங்கிலப் பத்திரிகை வழக்கப்படி இரண்டாம் முறை குறிப்பிடும்போது பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் எழுதுவார்கள். தமிழர் பெயரில் பல நேரம் அந்தக் கடைசிப் பகுதி அப்பாவுடையது. ரியோ பாராலிம்பிக்கில் 2016-இல் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றி ஆங்கிலச் செய்திகள் இரண்டாம் பத்தியிலிருந்து தங்கவேலு தாண்டினார், தங்கவேலு வென்றார் என்றே எழுதின. அதை அப்படியே தமிழாக்கினால் 1.89 மீட்டர் தாண்டியது அவருடைய அப்பா என்றாகிவிடும். வாஷிங்டன் சுந்தரிலும் இதே கதை. வாஷிங்டன் என்பதுதான் அவர் பெயர், அப்பாவுக்குத் துணையாக இருந்த ஒரு முன்னாள் ராணுவ வீரரின் நினைவாக வைத்தது. சுந்தர் அவருடைய அப்பா. "சுந்தர் சுழலில் சுருண்டது" என்று தலைப்புப் போடுகிறவருக்கு மோனை கிடைக்கிறது, ஆள் மாறிவிடுகிறார். ஆனால் முன்னெழுத்துப் பழக்கம் தெரிந்த பத்திரிகையிலும் எதிர்ப்பக்கப் பிழை நடக்கும்: குகேஷின் பெயரில் முன்னால் வரும் தொம்மராஜு குடும்பப் பெயர், அப்பா பெயர் அல்ல. அதை அப்பா என்று நினைத்துக்கொண்டு "தொம்மராஜுவின் மகன்" என்று எழுதினால் அது திருத்தம் போட வேண்டிய தகவல் பிழை.

எல்லா எழுத்து வேறுபாட்டுக்கும் திருத்தம் வேண்டியதில்லை. கோலி என்று ஒரு பத்திரிகை, கோஹ்லி என்று இன்னொன்று; சக்கரவர்த்தி, சக்ரவர்த்தி இரண்டும் ஓடுகின்றன. அது அந்தந்த வீட்டு வழக்கம். வாசகர் கடிதம் எழுதினால் பணிவாகப் பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒருவருடைய பெயர் இன்னொருவர் பெயராகிவிட்டதா, அவரைத் தெரிந்தவர் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி ஆகிவிட்டதா, அவர் தன் பெயரைத் தமிழில் எழுதும் முறைக்கு மாறாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உங்கள் பந்துவீச்சாளர் போன்ற இளம் ஆட்டக்காரர்களுக்கு மூன்றாவதையே நான் அளவுகோலாக வைப்பேன். விராட் கோலிக்கு ஒரு எழுத்து போனால் ஒன்றுமில்லை. மாவட்டத் தேர்வுக் குழுவிடம் பத்திரிகை நறுக்கைக் கொண்டுபோய்க் காட்டப் போகிற பையனுக்கு, அந்த நறுக்கில் இருப்பது தன் பெயர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வகைக் குழப்பத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். செய்தி அச்சான நேரத்தில் சரியாக இருந்து, பிறகு முடிவே மாறினால் அது பத்திரிகையின் பிழை அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் தரைப் பயிற்சி இறுதியில் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு முதலில் 13.666 புள்ளி, பயிற்சியாளர் முறையிட்ட பிறகு அது 13.766 ஆகி வெண்கலம் கிடைத்தது. சில நாள் கழித்து விளையாட்டு நடுவர் நீதிமன்றம், அந்த முறையீடு ஒரு நிமிட அவகாசம் முடிந்து நான்கு விநாடி தாமதமாக வந்தது என்று சொல்லிப் பழைய புள்ளியையே நிலைநிறுத்தியது. வெண்கலம் ருமேனியாவின் அனா பார்போசுவுக்குப் போனது. முதல் நாள் சைல்ஸுக்கு வெண்கலம் என்று அச்சிட்ட பத்திரிகைகள் திருத்தம் போட வேண்டியதில்லை. அது புதிய செய்தி, செய்தியாகவே வர வேண்டும். இதைத் திருத்தப் பெட்டிக்குள் போட்டால் பத்திரிகை தப்புச் செய்தது போலவும், தீர்ப்பு ஒரு சில்லறை விஷயம் போலவும் ஆகிவிடும்.

இதற்கு நேர்மாறாக, எண் சரியாக இருந்தும் எழுதிய விதம் பிழையாகும் இடங்கள் உண்டு. 2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் அர்ஜென்டினாவும் பிரான்சும் கூடுதல் நேரத்துக்குப் பிறகு 3-3. பெனால்டியில் அர்ஜென்டினா 4-2. இரண்டையும் கூட்டி 7-5 என்று எழுதினால் கணக்கு சரி, ஸ்கோர் தவறு. பெனால்டி கோல்கள் ஆட்டத்தின் கோல் கணக்கில் சேர்வதில்லை. சதுரங்கத்தில் அரைப் புள்ளி எழுத்துரு மாறும்போது உதிர்ந்துவிடக்கூடும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை வென்றது 7½-6½ என்ற கணக்கில். ½ விழுந்துபோய் 7-6 என்று நின்றால் பார்ப்பவருக்கு அதுவும் ஒரு நியாயமான ஸ்கோராகவே தெரியும். கண்டுபிடிக்கும் வழி கூட்டல்தான்: நடந்தது 14 ஆட்டம், ஆகவே இரண்டு பேரின் புள்ளியும் சேர்ந்து 14 வர வேண்டும்.

எங்கே போடுவது என்பதிலும் உங்கள் குறை நியாயமானதே. விளையாட்டுப் பக்கத்தில் வந்த பிழைக்கு விளையாட்டுப் பக்கத்திலேயே திருத்தம் வர வேண்டும். அந்தச் செய்தியைப் படித்தவர் மறுநாள் திரும்பப் போகும் இடம் அதுதான். சில பத்திரிகைகள் எல்லாத் திருத்தங்களுக்கும் ஒரே நிலையான இடம் ஒதுக்குகின்றன. தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-இல் வாசகர் ஆசிரியர் என்ற பதவியை ஏற்படுத்தி, திருத்தங்களுக்கும் விளக்கங்களுக்கும் நிலையான பத்தி வைத்தது. நிலையான இடம் இருந்தால் தேடுபவருக்குத் தெரியும். ஒரு நாள் வணிகப் பக்கத்தின் அடியில், ஒரு நாள் வரன் தேவை விளம்பரத்துக்கு மேலே என்று அலைய விடுவதுதான் மோசம்.

பதிப்பு விஷயமும் உண்டு. தொலைவில் உள்ள மாவட்டங்களுக்குப் போகும் முதல் பதிப்பு இரவு சீக்கிரமே அச்சாகிவிடும். டாக் பதிப்பு என்பார்கள். பிழை அதில் போய், நகரப் பதிப்புக்குள் யாரோ கவனித்துச் சரிசெய்துவிட்டால், திருத்தத்தை முதல் பதிப்பில் மட்டும் போட்டால் போதும். நகரப் பதிப்பில் போட்டால், தவறே பார்க்காத வாசகர் குழம்புவார். வேறு பதிப்புக்கு மட்டும் போகும் பக்கத்தில் திருத்தத்தைப் போட்டுவிட்டு "போட்டுவிட்டோமே" என்று சொல்வதும் நடக்கும். உங்கள் பகுதிக்கு வரும் பதிப்பில் வந்ததா என்று ஒரு முறை பாருங்கள்.

இணையத்தில் வந்த செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது எளிது, அதனால் பலர் அதையே செய்கிறார்கள். எண்ணை மாற்றியதோடு, செய்தியின் அடியிலோ மேலேயோ "முன்பு 187 என்று இருந்தது, இந்தத் தேதியில் 178 என்று திருத்தப்பட்டது" என்று ஒரு வரி இருக்க வேண்டும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஓடும் நேரடி ஸ்கோருக்கு இது தேவையில்லை, பந்துக்குப் பந்து மாறுவதே அதன் இயல்பு. முடிந்த ஆட்டத்தின் செய்திக்குத் தேவை. செய்தியைத் திருத்தினாலும் படத்தின் கீழ்க்குறிப்பில், பகிரும்போது தோன்றும் தலைப்பில், இணைய முகவரியில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றையும் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். மின்னிதழ் என்பது அச்சின் நகல் என்பதால் அதை மாற்றமாட்டார்கள், மாற்றச் சொல்லவும் வேண்டாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். செய்தி வந்த தேதி, பதிப்பு, பக்கம், அச்சான வரி, அதற்குப் பதிலாக இருக்க வேண்டிய வரி, ஸ்கோரரும் நடுவரும் கையெழுத்திட்ட தாளின் நகல், பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில். மேலே நான் காட்டியது போல் திருத்தத்தின் வாசகத்தையும் நீங்களே எழுதி இணைத்துவிடுங்கள். டெஸ்க்கில் இருப்பவருக்கு எழுத்து வேலை மிச்சமானால் அது வெளிவரும் வாய்ப்பு அதிகம். முதலில் வந்த வருத்தக் குறிப்பில் தகவல் இல்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், வசை வேண்டாம்.

பத்திரிகை மன்றத்துக்குப் போகலாமா என்றால், வழி இருக்கிறது. முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், அதன் நகலை இணைக்க வேண்டும், நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் சேர வேண்டும். மன்றத்தால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும், அபராதம் விதிக்க முடியாது. ஒரு லீக் ஆட்டத்தின் ஸ்கோருக்காக அந்தப் பாதையில் போக நான் சொல்லமாட்டேன். பையனுடைய பெயர் வேண்டுமென்றே கேலி செய்யப்பட்டிருந்தால் வேறு கதை.

அதைவிடப் பயன் தருவது அடுத்த சீசன் தொடங்கும்போதே எல்லா அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலையும் தமிழில் தட்டச்சு செய்து, முன்னெழுத்தோடு, உங்கள் பகுதி நிருபர்களிடம் கொடுத்து வைப்பது. ஆட்டம் முடிந்ததும் அனுப்பும் ஸ்கோரில் மொத்தத்தை மட்டும் அனுப்பாமல் உதிரிகளையும் பந்துவீச்சுப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். டெஸ்க்கில் இருப்பவர் கூட்டிப் பார்க்க நினைத்தால் அவருக்கு இரண்டு பக்கமும் வேண்டும். இரவு ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தால் கூட்டிப் பார்க்க அவருக்கு நேரமும் இருக்கும்.